கால் கப் எண்ணெயில் மொறுமொறு உருளைக்கிழங்கு வில்லைகள்

உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். கிழங்கின் மேல்பகுதியிலிருந்து அந்தத் தண்ணீரை வெளியேற்றினால் வில்லை மொறுமொறுவென்று வரும். வெளியேறாவிட்டால் எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் வதக்கிய கிழங்குதான் கிடைக்கும். ஊறவைப்பது, துடைப்பது, எண்ணெயை அளந்து ஊற்றுவது என்று கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒரே வேலைக்காகத்தான்.

இது முழுக எண்ணெயில் பொரிக்கும் சிப்ஸ் அல்ல. 4 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கிய வட்ட வில்லைகளைக் கால் கப் எண்ணெயில் இருபுறமும் பொரித்தெடுக்கும் முறை. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவு போன்ற மென்மையும் வரும். கடையில் பாக்கெட்டில் விற்கும் மெல்லிய சிப்ஸ் மாதிரி முழுக்க நொறுங்க வேண்டுமென்றால் இந்த முறை உதவாது. அவ்வளவு மெல்லிய சீவல்கள் குறைந்த எண்ணெயில் சுருண்டு எழும்பும். தூக்கிக்கொண்ட பகுதி எண்ணெயைத் தொடாமல் பச்சையாகவே நின்றுவிடும்.

கிழங்கு

மாவுத்தன்மை கூடிய, முதிர்ந்த கிழங்கு வேண்டும். கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரியும் புதுக்கிழங்கில் ஈரம் அதிகம். அது பொரியலுக்கும் குருமாவுக்கும் போகட்டும். செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கில் முதிர்ந்ததாகப் பார்த்துப் பொறுக்கினால் நன்றாக வரும். ஆக்ரா பக்கமிருந்து வரும் வெளிர்ந்த தோல் கிழங்கிலும் செய்யலாம், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. வட இந்தியாவில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தோண்டும் கிழங்கு குளிர்பதனக் கிடங்குக்குப் போய், அடுத்த பல மாதங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. கடுங்குளிரில் வாரக்கணக்கில் கிடக்கும் கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். சர்க்கரை ஏறிய கிழங்கு எண்ணெயில் விழுந்ததும் வேகமாகச் சிவக்கும். தண்ணீர் வெளியேறுவதற்குள் நிறம் முந்திக்கொள்ளும். கருகின மாதிரி தெரியும், கடித்தால் சொதசொதவென்று இருக்கும். ஐப்பசி வாக்கில் வாங்கும் கிழங்கு இப்படிப் படுத்தினால் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லாதீர்கள். வீட்டிலும் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காமல் காற்றாடும் இருட்டு மூலையில் வைப்பது இதே காரணத்துக்காகத்தான்.

கடையில் கேட்டால் எல்லாக் கிழங்கும் நல்ல கிழங்குதான் என்பார்கள். மாவுக் கிழங்கா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பங்கு உப்பும் பதினோரு பங்கு தண்ணீரும் கலந்து, கழுவிய முழுக்கிழங்கை உள்ளே விடுங்கள். மாவுச்சத்து மிகுந்தது மூழ்கும், குறைந்தது மிதக்கும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டியதில்லை. மூட்டையாக வாங்கும்போது ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதும்.

நறுக்குவதும் ஊறவைப்பதும்

நடுத்தர அளவில் 400 கிராம் கிழங்கு எடுத்துக்கொள்வோம். தோல் சீவினால் 350 கிராம் மிஞ்சும். 4 மில்லிமீட்டர் கனம் என்பது இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரத்தைவிடச் சற்றுக் கூடுதல். இந்தக் கனத்தில் ஏறக்குறைய 35 வில்லைகள் கிடைக்கும். கத்தியால் நறுக்கினாலும் சீவுபலகையில் சீவினாலும் எல்லாம் ஒரே கனமாக இருப்பதுதான் முக்கியம். ஒரே வில்லை ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் இருந்தால் மெலிந்த பக்கம் கருகும்போது தடித்த பக்கம் வெந்துகொண்டிருக்கும்.

நறுக்க நறுக்க வில்லைகளை அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். எல்லாம் விழுந்ததும் கையால் அலசினால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். கத்தி பட்ட இடத்தில் செல்கள் உடைந்து வெளிவந்த மாவுச்சத்து அது. அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் தெளியும்வரை, வழக்கமாக இரண்டு மூன்று முறை, இப்படி மாற்றிவிட்டுக் கடைசித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வடிக்கும்போது பாத்திரத்தின் அடியில் வெள்ளை வண்டல் படிந்திருந்தால் ஊறல் வேலை செய்திருக்கிறது.

இந்த மேல்மாவைப் போக்காவிட்டால் அது சூடான எண்ணெயில் பசையாகிவிடும். வில்லைகள் ஒன்றோடொன்றும் வாணலியின் அடியோடும் ஒட்டும். உதிர்ந்த மாவு எண்ணெயின் அடியில் தங்கிக் கருகி, அடுத்த ஈட்டில் கரும்புள்ளிகளாக ஏறும். ஊறும்போது மேற்பரப்பிலிருக்கும் சர்க்கரையும் கொஞ்சம் கரைந்து போவதால் நிறம் நிதானமாக ஏறும்.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. நான் போடுவதில்லை. வெறும் தண்ணீரில் ஊறிய வில்லை விறைத்து நிற்கும், துடைக்க எளிது. உப்புத் தண்ணீரில் வில்லை துவளும், அதன் உள்நீர் கசிந்துகொண்டே இருக்கும். துடைத்து வைத்தாலும் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஈரம் பூக்கும்.

மேலே சொன்ன குளிர்கிடங்குக் கிழங்கு கையில் இருந்தால், ஊறிய வில்லைகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரைவிட வெந்நீர் சர்க்கரையை நன்றாக இழுக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் உடையத் தொடங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் உடையாது. புளிக்கரைசலில் பச்சைக் கிழங்கைப் போட்டால் வேக மறுப்பதைக் குழம்பு வைக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். புளிப்பு, காய்களின் செல்களைப் பிணைத்திருக்கும் பொருளைக் கரைய விடாது. குழம்பில் தொல்லை தரும் அதே குணம் இங்கே நமக்கு உதவுகிறது.

துடைப்பது

புதிதாகச் செய்பவர்கள் அவசரப்படும் இடம் இது. வடிதட்டில் பத்து நிமிடம் வைத்தால் சொட்டும் தண்ணீர் போகும், ஒட்டியிருக்கும் தண்ணீர் போகாது. அந்த மெல்லிய நீர்ப்படலம் ஆவியாகும்வரை வில்லையின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, அதுவரை மொறுமொறுப்பும் தொடங்காது. எண்ணெயின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலேயே செலவாகும். முழுக எண்ணெயில் பொரிக்கும்போது சூட்டுக்குக் கையிருப்பு நிறைய இருப்பதால் இந்தப் பிழையைச் சமாளித்துவிடும். கால் கப் எண்ணெய்க்கு அந்தக் கையிருப்பு கிடையாது. எண்ணெய் குறையக் குறையத் துடைப்பதில் கண்டிப்பு கூட வேண்டும்.

பலமுறை துவைத்த பருத்தித் துண்டுதான் இதற்கு ஏற்றது. புதுத்துண்டு தண்ணீரை உறிஞ்சாது. துண்டை விரித்து வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, மேலே இன்னொரு துண்டைப் போர்த்தி உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு மேல்துண்டை எடுத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் 15 நிமிடம் விடுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஒரு வில்லையை எடுத்துக் காகிதத்தில் அழுத்தினால் ஈரத்தடம் விழக் கூடாது. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கலாம், பிசுபிசுக்கக் கூடாது. அதற்கு மேல், ஒரு மணி நேரமெல்லாம் காற்றில் விட்டால் விளிம்பு கறுக்கத் தொடங்கும்.

மழைநாளில் காற்றே ஈரமாக இருந்தால் வில்லைகளின்மேல் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைத் தூவிக் குலுக்கலாம். மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், மேலே தனி மொறுமொறுப்பும் வரும். உதிரி மாவைத் தட்டிவிட்டுத்தான் எண்ணெயில் போட வேண்டும்.

எவ்வளவு எண்ணெய்

இத்தனை கிலோவுக்கு இவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் போட முடியாது. வாணலியின் அடி எவ்வளவு அகலம், வில்லை எவ்வளவு கனம், ஒரு ஈட்டில் எத்தனை வில்லை என்ற மூன்றும் சேர்ந்துதான் அளவைச் சொல்லும்.

முதலில் வாணலி. குழிந்த அடி கொண்ட கடாயில் கால் கப் எண்ணெய் நடுவில் குட்டையாகத் தேங்கும். நடுவில் விழுந்த வில்லை பொரியும், ஓரத்தில் சாய்ந்தது வதங்கும். ஆகவே தட்டையான அடியும் இரண்டு விரற்கடை உயர விளிம்பும் உள்ள வாணலி வேண்டும். அடி கனமான இரும்பாக இருந்தால் நல்லது. எண்ணெய் வைத்திருக்க முடியாத சூட்டைக் கனத்த இரும்பு சேர்த்து வைத்திருக்கும். மெல்லிய அலுமினியத்தில் கிழங்கு விழுந்த நொடியே சூடு இறங்கிவிடும்.

அடி ஒரு சாண் அகலம், அதாவது 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் கால் கப், 60 மில்லி எண்ணெய் ஊற்றினால் 2 மில்லிமீட்டர் உயரம்கூட நிற்காது. இது எப்படிப் போதும் என்று தோன்றும். ஆனால் வில்லைகளை உள்ளே வைத்ததும் அவை இடத்தை அடைத்துக்கொள்ள, எண்ணெய் மேலே ஏறும். 5 அல்லது 6 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்பது வில்லைகளை வைத்தால் எண்ணெய் ஏறக்குறைய 4 மில்லிமீட்டருக்கு, அதாவது வில்லையின் மேல்விளிம்பு வரை வந்து நிற்கும். நமக்கு வேண்டிய அளவும் அதுதான்: பக்கவாட்டு முழுக்க எண்ணெயில் இருக்க வேண்டும், மேல்முகம் திறந்திருக்க வேண்டும். அடியில் வெளியேறும் நீராவிக்கும் மேலே போக வழி இருக்கும். ஆகவே எண்ணெயின் அளவை வெறும் வாணலியில் பார்க்காமல் வில்லைகளை வைத்த பிறகு பாருங்கள். பாதிக் கனத்துக்குக் கீழே இருந்தால் ஓரமாக ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள்.

எண்ணெய் குறைவாக இருந்தால் வாணலியைத் தொடும் திட்டுகள் மட்டும் சிவந்து, மற்ற இடம் வெளிறிக் கிடக்கும். இன்னும் நாலு வில்லை கொள்ளுமே என்று பதின்மூன்றாக நெருக்கி வைத்தாலும் கெடும். எண்ணெய் மட்டம் உயர்ந்து நன்றாகத் தெரியும், ஆனால் அதே 60 மில்லி எண்ணெய் அத்தனை ஈரக் கிழங்கையும் சூடேற்ற முடியாமல் தணிந்துபோகும். வில்லைகளுக்கிடையே விரல்நுனி அளவு இடைவெளி தெரிவதுதான் எல்லை. 35 வில்லைகளுக்கு நான்கு ஈடு ஆகும்.

எண்ணெயில் சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ வசதி. செக்கெண்ணெய் ருசியாக இருக்கும், ஆனால் சிலசமயம் நுரைத்துப் பொங்கும், சீக்கிரம் புகையும். நுரை மூடிவிட்டால் குமிழைப் பார்த்துப் பதம் அறிய முடியாது. முதல்முறை செய்பவர்கள் அதைத் தள்ளிவைக்கலாம்.

பொரிப்பது

வாணலியை மிதமான தீயில் இரண்டு நிமிடம் சூடேற்றி எண்ணெயை ஊற்றுங்கள். நான்ஸ்டிக்காக இருந்தால் வெறுமனே காயவைக்காமல் எண்ணெயோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். ஒரு வில்லையின் ஓரத்தை எண்ணெயில் நனைத்தால் உடனே சுற்றிலும் பொடிக் குமிழிகள் சுறுசுறுவென்று வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் இன்னும் காயவில்லை. எண்ணெயில் புகை தெரிந்தால் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். வெப்பமானி இருப்பவர்கள் 170 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

வில்லைகளைக் கையால் எறியாமல், உங்களுக்கு அருகிலிருக்கும் ஓரத்தை முதலில் எண்ணெயில் வைத்து மறு ஓரத்தை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து விடுங்கள். தெறித்தாலும் உங்கள் மேல் படாது. எல்லாம் வைத்ததும் தீயைக் கொஞ்சம் கூட்டி ஒரு நிமிடம் கழித்து மிதத்துக்குக் கொண்டுவாருங்கள். மூடி போடக் கூடாது. தெறிக்குப் பயந்து மூடினால் ஆவி நீராக மாறி வாணலிக்குள்ளேயே சொட்டும்.

அடுத்த மூன்று நிமிடம் தொடவே வேண்டாம். ஆரம்பத்தில் வில்லை அடியில் ஒட்டியிருக்கும். அப்போது கரண்டியால் நெம்பினால் உருவாகிக்கொண்டிருக்கும் மேல்தோல் பிய்ந்து வாணலியோடு போய்விடும். அது காய்ந்து இறுகியதும் தானாகவே விடுபடும். வாணலியை மெல்ல ஆட்டினால் வில்லைகள் வழுக்கி நகர வேண்டும், நகராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம். மொத்தத்தில் நான்கிலிருந்து ஐந்து நிமிடத்தில் முதல் பக்கம் வெளிர்பொன் நிறமாகும். திருப்பிப் போட்டு மூன்று அல்லது நான்கு நிமிடம்.

எடுக்கும் பதத்தை நிறத்தைவிடச் சத்தமும் குமிழியும் சரியாகச் சொல்லும். தொடக்கத்தில் பெரிய குமிழிகளும் உரத்த சடசடப்புமாக இருக்கும். தண்ணீர் குறையக் குறையக் குமிழி சிறுத்துச் சத்தம் மெலியும். பொன்னிறம் வந்து குமிழி அடங்கத் தொடங்கினால் எடுத்துவிடலாம். நிறம் வராமலேயே குமிழி அடங்கினால் தீ போதவில்லை. உள்ளேயிருந்து ஆவி வேகமாக வெளியேறும்வரை அது எண்ணெயை எதிர்த்துத் தள்ளும், அது நின்றால் எண்ணெய் உள்ளே நுழையும். நிறம் வந்தும் குமிழி பெரிதாகவே இருந்தால் தீ அதிகம் என்று பொருள். குறைத்து வைத்து இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள்.

எடுத்த முதல் நிமிடம்

கிழங்கு குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி வாணலிக்குள் இருக்கும்போது ஏறுவதில்லை. வெளியே எடுத்த பிறகுதான் ஏறுகிறது. ஆறத் தொடங்கியதும் உள்ளேயிருக்கும் ஆவி சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துளைகள் வழியே உள்ளிழுத்துக்கொள்ளும். எனவே ஜல்லிக்கரண்டியில் எடுத்து வாணலிக்கு மேலேயே உதறி, உடனே காகிதத்தில் ஒற்றியெடுங்கள். எல்லா ஈடும் முடியட்டும் என்று காத்திருந்தால் ஒற்றுவதற்கு மேலே எண்ணெய் இருக்காது.

காகிதத்தின் மேலேயே விட்டுவைக்கவும் கூடாது. அடியில் ஆவி அடைபட்டு நமுத்துப்போகும். ஒற்றியதும் சல்லடைக்கோ கம்பித்தட்டுக்கோ மாற்றி ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். பாத்திரத்தில் குவித்து மூடினால் மேலே இருக்கும் வில்லைகள்கூட ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். மதிய டப்பாவுக்கு இது ஒத்துவராது என்பதும் இதனால்தான்.

உப்பும் காரமும் இந்தக் கட்டத்தில்தான். அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் பொடியுப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம் மூன்றையும் கலந்து வைத்துக்கொண்டு, ஒற்றிய கையோடு சூட்டிலேயே தூவினால் நன்றாக ஒட்டும். முன்கூட்டியே மசாலா பிசறிப் பொரிக்கும் நம் வறுவல் முறை வேறு. அதில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், மிளகாய்த்தூள் எண்ணெயில் கருகும். ருசி அதற்கென்று உண்டு, மொறுமொறுப்பு கிடைக்காது.

அடுத்த ஈட்டுக்கு முன் எண்ணெயில் கிடக்கும் துணுக்குகளை வாரிவிட்டு, குறைந்ததற்கு ஏற்ப ஒரு மேசைக்கரண்டி அளவில் எண்ணெய் சேர்த்து, மறுபடி ஒரு வில்லையின் ஓரத்தை நனைத்துச் சூட்டைச் சரிபாருங்கள். இரும்பு வாணலி காய்ந்துவிட்டதால் இரண்டாம் ஈடு முதலாவதைவிட வேகமாகச் சிவக்கும். தீயை ஒரு படி குறைக்க வேண்டியிருக்கும். பரிமாறும் நேரத்துக்குள் முதல் ஈடு நமுத்திருந்தால் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால் மீளும். மைக்ரோவேவில் வைத்தால் ஆவி உள்ளிருந்து மேலே வந்து இன்னும் துவளும்.

விரல் வடிவில் வேண்டுமென்றால்

ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நீளத்துண்டுகளாக நறுக்கினால் மேலே சொன்ன நேரத்துக்குள் உள்ளே வேகாது. எனவே ஊறவைத்த பின் வினிகர் சேர்த்த கொதிநீரில் எட்டு நிமிடம் போல வேகவைத்து, கத்திமுனை எளிதாக இறங்கும்போது வடித்து, ஆவி அடங்கும்வரை துணியில் பரப்புங்கள். சூட்டிலேயே ஆவி பறப்பதால் இதற்கு அழுத்தித் துடைக்க வேண்டாம், அழுத்தினால் உடையும். நான்கு பக்கமும் திருப்ப வேண்டியிருப்பதால் பொறுமை கூடுதலாக வேண்டும். எண்ணெயும் துண்டுகளின் பாதி உயரத்துக்காவது நிற்க வேண்டும் என்பதால் அதே வாணலிக்கு அரைக் கப் அளவு தேவைப்படும். கால் கப்தான் இருக்கிறது என்றால் வில்லையே மேல்.

மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கிய மாவுத்துணுக்குகள் உள்ளேயே இருந்தால் அடுத்தமுறை சூடேற்றும்போது அவைதான் முதலில் கருகிக் கசக்கும். வடிகட்டியதை இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கவும் பொரியலுக்கும் தீர்த்துவிடலாம். நிறம் கறுத்திருந்தாலோ கையில் பிசுபிசுத்தாலோ வைத்துக்கொள்ள வேண்டாம். கழுவுதொட்டியில் ஊற்றாமல் பழைய காகிதத்தில் உறிஞ்சவைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.